முகம் அவுக முகம்தான், காது யாருடையது?

ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊரில் நான் வைத்திருப்பது ஒரு சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, கந்தூரி, மாதா திருவிழா என்று எது வந்தாலும் எடுப்போம். பகலில் கேமரா, ராத்திரியில் எடிட்டிங். கடல் காற்றில் வருடத்துக்கு ஒரு லென்ஸ் பூஞ்சை பிடித்துப் போகும் என்பதைத் தவிர தொழிலில் பெரிய குறை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் உச்சிப்புளிப் பக்கம் ஒரு கல்யாண வேலை வந்தது. பெண்ணின் அப்பா காலமாகி நான்கு வருடம். தங்கச்சி கல்யாண வீடியோவில் அப்பா இருக்க வேண்டும் என்று அண்ணன்காரன் ஆசைப்பட்டான். "இப்ப எல்லாரும் செய்றாங்கண்ணே. அப்பா வந்து அட்சதை போடுற மாதிரி ஒரு இருபது செகண்ட் போதும்" என்றான். அப்பாவின் இடத்தில் நின்று எல்லாம் செய்தவர் பெண்ணின் சித்தப்பா. அவர் முகத்தின் மேல் இறந்தவரின் முகத்தை வைத்துக் கொடுத்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

அவர்கள் வீட்டு டிவியில் போட்டதும் மொத்த வீடும் அழுதது. பெண்ணின் அம்மா மட்டும் அழவில்லை. மறுபடி போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, முகம் அவுக முகம்தான். காது என் கொழுந்தனோடதுல்ல."

முகமாற்று வீடியோவைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வார்த்தையிலிருந்துதான் தொடங்குகிறது. செய்தவன் நான். எனக்கே அது கண்ணில் படவில்லை.

ஏன் காது மாறவில்லை என்று கேட்டால், வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முகத்தை மாற்றும் ஏ.ஐ. மென்பொருளைத்தான் கருவி என்கிறேன். அது முதலில் ஒவ்வொரு ஃபிரேமிலும் முகம் எங்கே இருக்கிறது என்று தேடும். கிடைத்ததும் ஐந்து புள்ளிகள் வைக்கும்: இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம். அந்த ஐந்தை வைத்துச் சாய்ந்திருக்கும் முகத்தை நிமிர்த்தி ஒரு சதுரமாக வெட்டி எடுக்கும். முகம் வரையப் பழக்கிய மாடல் ஒன்று கருவிக்குள் இருக்கும். நான் பயன்படுத்திய இலவச மாடலில் அந்தச் சதுரம் 128-க்கு 128 பிக்சல்தான். அதற்குள் புது முகத்தை வரையும். யார் என்கிற அடையாளம் போட்டோவிலிருந்து வரும். சிரிப்பு, தலைச்சாய்வு, கண் இமைப்பு, மேலே விழும் வெளிச்சம் எல்லாம் அங்கே நிஜமாக நின்ற ஆளிடமிருந்து வரும். வரைந்து முடித்ததும் சதுரத்தைப் பழைய சாய்வுக்கே திருப்பி, ஓரத்தை மங்கலாக்கி, எடுத்த இடத்தில் ஒட்டிவிடும்.

ஒட்டுவது புருவத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து தாடை வரைதான். முடி, காது, கழுத்து, தோள், கை எதையும் அது தொடுவதில்லை. ஆகவே முகம் ஒருவருடையது, மீதி மொத்தமும் இன்னொருவருடையது. வலையில் ஒட்டுப்போட்ட இடம் மாதிரி, நூலும் முடிச்சும் எவ்வளவு பொருந்தினாலும் ஒட்டுக்கு ஒரு ஓரம் இருந்தே தீரும். ஏமாற்று வீடியோவில் நாம் தேட வேண்டியது அந்த ஓரத்தைத்தான். ஆனால் நம் கண் போவது நேராக நடுவுக்கு.

பழக்கமான ஒருவர் பேசினால் நாம் பார்ப்பது கண்ணையும் வாயையும்தான். அங்கே கருவி மிக நன்றாக வேலை செய்கிறது. அதோடு, அந்த முகத்துக்கு அடியில் நிஜமான ஒரு ஆள் நிஜமாகவே பேசிக்கொண்டிருக்கிறார். தலை ஆடுவது, புருவம் தூக்குவது, மூச்சு வாங்குவது எதுவும் பொய் இல்லை. கார்ட்டூன் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துதான் போவோம்.

இதில் இன்னும் புழங்கும் ஒரு பழைய ஆலோசனையைச் சொல்லிவிடுகிறேன். "கண் இமைக்கிறதா என்று பார், இமைக்காவிட்டால் போலி" என்பார்கள். 2018-ல் அமெரிக்காவின் அல்பனி பல்கலைக்கழகத்தில் சிவெய் லியூ என்பவரின் குழு இமைப்பை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னது. அன்றைக்கு அது சரிதான். மாடல்களுக்குக் காட்டிய படங்களில் பெரும்பாலும் கண் திறந்தே இருந்தது, அதனால் மூடிய கண்ணை வரைய அவற்றுக்குத் தெரியவில்லை. இன்றைய கருவிகளுக்குத் தெரியும். என் உச்சிப்புளி வீடியோவில் இறந்தவர் அழகாக இமைத்தார்.

ஆனால் அதே வீடியோவில் சந்தனம் காட்டிக்கொடுத்தது. சித்தப்பா நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். ஒட்டின் மேல் ஓரம் சரியாக அந்தச் சந்தனத்தைக் குறுக்கே வெட்டியது. மேல் பாதி அவர் வைத்த சந்தனம், கீழ்ப் பாதி கருவி வரைந்த சந்தனம். கருவிக்கு முந்தின ஃபிரேமில் என்ன வரைந்தோம் என்ற ஞாபகமே கிடையாது. செகண்டுக்கு 25 தடவை புதிதாக வரைகிறது. அதனால் கீழ்ப் பாதி ஒரு தடவை அகலம், ஒரு தடவை ஒல்லி, ஒரு தடவை காணவே காணோம். ஓடும்போது பார்த்தால் ஏதோ லேசாகத் துடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பெண்கள் முகத்தில் மூக்குத்தியும் இதே கதைதான். கல் ஒரு ஃபிரேமில் மின்னும், அடுத்ததில் மச்சம் மாதிரி ஆகும், அடுத்ததில் தோலோடு கரையும். மூக்குக்கண்ணாடி போட்டவராக இருந்தால் காதை நோக்கிப் போகும் கம்பி, ஒட்டின் ஓரத்தில் உருகும்.

இந்த அறிவெல்லாம் போன வருடம் மே மாதம் வேறு விதத்தில் கைகொடுத்தது.

தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களுக்கு அரசு தரும் நிவாரணம், 2023-ல் அறிவித்தபடி, 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. பாம்பனில் இருக்கும் என் மாமா படகுக்காரர். ஒரு மத்தியானம் செல்லைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"மாப்ள, நிவாரணத்தை இன்னும் கூட்டிட்டாங்களாம். பதிவுக்கு 499 ரூவா கட்டணுமாம். உங்க அத்தை இப்பவே கட்டுங்கங்குறா. கட்டலாமா?"

"யாரு சொன்னா?"

"நீயே பாரு. டிவில வர்றவரே சொல்றாரு."

41 செகண்ட் வீடியோ. கடற்கரையில் நின்றபடி ஒருவர் பேசுகிறார். முகம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி வாசிப்பாளருடையது. பெயர் வேண்டாம், அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை. குரலும் ஏறக்குறைய அவர் குரல். பின்னால் கடல், படகு, காற்றில் பறக்கும் சட்டைக் காலர். நிவாரணத் தொகை நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதற்கு யாரும் லிங்க்கில் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது மாமாவுக்கே தெரியும். ஆனாலும் முகம் சொல்லுகிறதே.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். செல்லில் அந்த முகம் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. அதோடு அது வாட்ஸாப்பில் பத்துக் கை மாறி வந்த வீடியோ, அகலம் 480 பிக்சல்தான்.

இந்த அளவுக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழு எச்டி வீடியோவில் குளோஸப் என்றால் முகமே 500, 600 பிக்சல் உயரம் இருக்கும். 128 பிக்சலில் வரைந்ததை அங்கே நாலு மடங்கு இழுத்து ஒட்டினால் முகம் மட்டும் கலங்கித் தெரியும். காது, தலைமுடி கூர்மையாக இருக்க, முகம் மட்டும் ஈரக்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது மாதிரி இருக்கும். அதே வீடியோவை 480 அகலத்துக்குச் சுருக்கினால் முகம் 125, 150 பிக்சல் ஆகிவிடும். இப்போது 128 போதும். முடியும் கலங்கல், முகமும் கலங்கல், எல்லாம் ஒரே பதம். போலி செய்தவர் விட்ட குறையை வாட்ஸாப் சுருக்கம் தானாகவே பூசி மெழுகிவிடுகிறது. கூர்மை வித்தியாசம் என்கிற துப்பு அந்த வீடியோவில் கிடைக்காது என்று உடனே விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். வி.எல்.சி. பிளேயரில் வீடியோவை நிறுத்திவிட்டு `E` எழுத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே போகும். யூட்யூபில் நிறுத்திவிட்டு `.` தட்டினால் முன்னே, `,` தட்டினால் பின்னே. குறிப்பிட்ட இடத்தைப் படங்களாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ffmpeg என்கிற இலவச மென்பொருளுக்கு இப்படிக் கட்டளை கொடுக்கலாம்:

```
ffmpeg -ss 00:00:18 -i video.mp4 -t 3 f_%03d.png
```

18-வது செகண்டிலிருந்து மூன்று செகண்டுக்கு உள்ள ஃபிரேம்கள் எல்லாம் தனித்தனிப் படமாக வந்து விழும். மொத்த வீடியோவையும் பார்க்க உட்காராதீர்கள். 41 செகண்டில் செகண்டுக்கு 30 வீதம் 1,230 ஃபிரேம். நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசும் ஃபிரேம்களில் எதுவும் சிக்காது. கருவிக்குச் சிரமமான இடங்கள்தான் நமக்கு வேண்டும்: தலை திரும்பும் இடம், முகத்துக்குக் குறுக்கே ஏதாவது வரும் இடம், ஆள் காட்சிக்குள் நுழையும் அல்லது வெளியேறும் இடம்.

19-வது செகண்டில் அந்த ஆள் பின்னால் நிற்கும் படகுகளைக் காட்டுவதற்காகத் திரும்புகிறார். திரும்பத் திரும்ப அந்த ஐந்து புள்ளிகள் நெருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தூரத்துக் கண் மூக்குக்குப் பின்னால் மறைந்துவிடும். கருவி அது எங்கே இருக்கும் என்று ஊகிக்க ஆரம்பிக்கும். அந்த ஃபிரேம்களில் மூக்கு நடுவிலிருந்து ஒரு பக்கமாக வழுக்கியது. மறைந்திருக்க வேண்டிய கண்ணின் ஓரம், மூக்குத்தண்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு தெரிந்தது. இன்னும் நாலு தட்டு தட்டினேன்.

அடர்ந்த மீசையோடு வேறொரு ஆள்.

மூன்றே மூன்று ஃபிரேம். தலை இன்னும் திரும்பியதில் கருவிக்கு முகமே அகப்படவில்லை. அகப்படாத ஃபிரேமை அது அப்படியே விட்டுவிட்டது. அடியில் இருந்த நிஜ முகம் வெளியே வந்து, செகண்டில் பத்தில் ஒரு பங்கு நின்று, மறுபடி உள்ளே போய்விட்டது. சாதாரணமாக ஓடவிட்டால், தலை திரும்பும் வேகத்தில் யாருக்கும் தெரியாது. நிறுத்தி வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாருடா இவன்?"

இன்னொரு இடமும் கிடைத்தது. 27-வது செகண்டில் அவர் துண்டால் மூக்குப் பக்கம் வியர்வையைத் துடைக்கிறார். நியாயமாகத் துண்டு முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். இங்கே துண்டின் ஓரம் கன்னத்துக்குள் புதைந்து, அதன் மேல் உதடு மிதந்தது. விரல் நுனிகள் தோலோடு கரைந்து, ஆள்காட்டி விரல் ஒரு கணு குட்டையானது. ஒட்டும்போது எது முன்னால், எது பின்னால் என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நல்ல கருவிகள் தனியாகச் செய்யும். அவசரத்துக்குச் செய்பவர்கள் அதைச் செய்வதில்லை, செய்தாலும் வேகமாக நகரும் துணியில் தவறிவிடும்.

கழுத்தும் பொருந்தவில்லை. முகம் ஏசி ஸ்டூடியோ நிறம், கழுத்து வெயிலில் கறுத்த நிறம். கருவி சராசரி நிறத்தைச் சரிக்கட்டிவிடுவதால் நேராகப் பார்க்கும்போது அது தெரியவில்லை. தாடையைத் தூக்கும்போது மட்டும் கழுத்தில் ஒரு கோடு விழுந்து மறைந்தது. ஆனால் இந்தத் துப்பை நான் பெரிதாக நம்புவதில்லை. கல்யாண மேக்கப் போட்ட எந்தப் பெண்ணைப் படம் எடுத்தாலும் இந்தக் கோடு இருக்கும். நிழலைப் பார், வெளிச்சத்தைப் பார் என்று சொல்வதும் அப்படித்தான். அடியில் இருக்கும் ஆள் மேல் விழுந்த வெளிச்சத்தைக் கருவி அப்படியே எடுத்துக்கொள்வதால், நிழல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

காதுக்கு வருகிறேன். உச்சிப்புளி அம்மா சொன்னது ஞாபகம் வந்து, அந்தச் செய்தி வாசிப்பாளரின் நிஜ வீடியோ ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய காது மடலின் கீழ்ப்பகுதி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இந்த ஆளுக்கோ தனியாகத் தொங்கியது. இதற்கு ஃபிரேம் தட்டக்கூட வேண்டியதில்லை, 41 செகண்டும் அது நம் முன்னால்தான் இருந்தது. முகம் மட்டும் மாற்றும் முறையில் காது பழையபடியே நிற்கும். தலைமுடியோ ஹெட்போனோ மறைத்திருந்தால் இந்த வழி பயன்படாது. தலையையே மொத்தமாக மாற்றும் முறைகளும் இருக்கின்றன, அங்கேயும் பயன்படாது.

பிறகு ஒரு வேலை செய்தேன். காட்சியை ஒரு படமாக எடுத்து, முகத்தை வெட்டி எறிந்துவிட்டு, சட்டை, கை, படகு, கரை இவற்றை மட்டும் கூகுள் லென்ஸில் தேடினேன். முகத்தோடு தேடினால் அந்தப் பிரபலத்தின் படங்களாக வந்து குவியும், உடம்பு கிடைக்காது. கால் மணி நேரம் தேடிய பிறகு கிடைத்தது. அதே சட்டை, அதே துண்டு, அதே கை அசைவு. மீசைக்காரர் வேறொரு ஊர்க் கடற்கரையில் நின்று வீட்டுமனை விற்றுக்கொண்டிருந்தார். அவர் பேச்சை எடுத்துவிட்டுப் போலிக் குரலை ஏற்றி, வாயசைவையும் அதற்கேற்பச் சரிசெய்திருக்கிறார்கள்.

நான் இவ்வளவும் செய்து முடித்துத் திரும்பினால், மாமா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, பின்னால பாரு. விசைப்படகு வலையோட வெளிய போகுது. தடைக்காலத்துல எவன்டா போவான்?"

எனக்கு ஒரு மணி நேர வேலை. அவருக்கு ஒரு பார்வை. முகத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்க்கச் சொன்னதும் அவர் இன்னும் தள்ளிப் போய்க் கடலையே பார்த்துவிட்டார். மாமாவுக்கு அந்த வீடியோ வந்த வாட்ஸாப் குழுவில் அதற்குள் இரண்டு பேர் பணம் கட்டியிருந்தார்கள். அவர்களைச் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் சொல்ல வைத்தோம், மீசை தெரியும் மூன்று ஃபிரேமையும் குழுவில் போட்டோம்.

அடியில் இருக்கும் முகம் வெளியே எட்டிப் பார்ப்பது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவதாக ஒரு வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அது பிரிட்டனில் இருக்கும் வேறொரு பெண் தன் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த வீடியோ, முகம் மட்டும் மாற்றப்பட்டது. அதன் முதல் செகண்டை மெதுவாக ஓட்டினால், லிஃப்ட் வாசலில் அசல் பெண்ணின் முகம் இருந்து, உள்ளே வர வர ராஷ்மிகாவின் முகமாக மாறுவது தெரியும். நுழையும் இடத்தில் முகம் முழுதாகத் தெரியும்வரை கருவிக்குப் பிடி கிடைப்பதில்லை என்பதுதான் என் அனுபவமும். அந்த வீடியோவைச் செய்தவரைத் தில்லி போலீஸ் 2024 ஜனவரியில் ஆந்திராவில் கைது செய்தது. லட்சக்கணக்கான பேர் பார்த்த வீடியோவில் விடை முதல் செகண்டிலேயே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு வரும் வியாதி ஒன்று உண்டு, எல்லாவற்றையும் போலி என்று சொல்வது. எனக்கும் வந்தது. கல்யாண வீடியோவில் ஒருவர் கன்னம் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன், அது நானே எடுத்த வீடியோ. சுருக்கத்தால் வரும் கட்டங்கள் படம் முழுக்க இருக்கும். அலை, மரத்து இலை, கூட்டம் என்று அசையும் இடத்தில் அதிகமாக இருக்கும், சில செகண்டுக்கு ஒரு தடவை மொத்தப் படமும் ஒரு மூச்சு விட்டுத் தெளியும். முகமாற்றில் வரும் துடிப்பு முகத்தின் எல்லையோடு நின்றுவிடும், காதைத் தாண்டாது. இரண்டையும் பிரிக்க, முகத்தைப் பார்த்த கண்ணால் அதே ஃபிரேமில் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்க வேண்டும்.

அத்தைக்கு வந்தது இதைவிட முற்றிய வியாதி. அவர் மகன், என் மச்சான், சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறான். புது செல் வாங்கி முதல் தடவை வீடியோ காலில் வந்தான். அதில் முகத்தை அழகாக்கும் ஃபில்டர் தானாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபில்டரும் முகத்தில் புள்ளி வைத்துத்தான் வேலை செய்யும், ஆகவே ஓரம் துடிக்கும், கை குறுக்கே வந்தால் கரையும். மாமா வீட்டில் என் கதையை விலாவாரியாகச் சொல்லியிருந்தார். அத்தை பார்த்தார், கன்னம் துடிக்கிறது, மகன் இதுவரை இல்லாத வெள்ளையாக இருக்கிறான். "எவன்டா நீ, என் புள்ள முகத்தை வச்சுக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த அரை மணி நேரம் அவன் எனக்கு அழைத்துத் திட்டியது தனிக் கதை.

ஆனால் அத்தையைக் குறை சொல்ல முடியாது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒருவர், கூட வேலை பார்த்த பழைய நண்பர் வீடியோ காலில் வந்து அவசரச் செலவுக்குக் கேட்டார் என்று 40,000 ரூபாய் அனுப்பி ஏமாந்தார். அந்தக் கால் சில செகண்டுதான் நீடித்தது, திரையில் முகம் மட்டும்தான் தெரிந்தது. ஓரத்தைக் காட்டாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. காது இல்லை, கழுத்து இல்லை, திரும்புவது இல்லை, நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவது. பதிவான வீடியோவை நாம் நிறுத்திப் பார்க்கலாம். நேரலையில் நிறுத்த முடியாது. அதனால் அங்கே கருவிக்குச் சிரமம் தரும் காரியத்தை எதிரில் இருப்பவரையே செய்ய வைக்க வேண்டும். செல்லைத் தள்ளி வைக்கச் சொல்லலாம், முழுதாகப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லலாம், விரித்த கையை மூக்குக்கு முன்னால் மெதுவாக நகர்த்தச் சொல்லலாம். நல்ல கம்ப்யூட்டரும் நல்ல மாடலும் வைத்திருப்பவன் கையை இப்போதே சமாளிக்கிறான். முழுப் பக்கவாட்டு இன்னும் கஷ்டம், ஆனால் என்றைக்கும் கஷ்டமாகவே இருக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். துடிப்பு தெரிந்தால் சந்தேகப்படலாம், தெரியாவிட்டால் நிஜம் என்று அர்த்தம் இல்லை. பணம் என்று வாயைத் திறந்தால் வைத்துவிட்டு, நம்மிடம் முன்பே இருக்கும் நம்பருக்கு நாமே திரும்ப அழைக்க வேண்டும்.

இதையெல்லாம் அத்தைக்கு விளக்கினேன். கை நகர்த்துவது, நம்பர் பார்ப்பது எல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. அவர் காதை மட்டும் எடுத்துக்கொண்டார். மச்சானுக்குச் சின்ன வயதில் தூண்டில் முள் மாட்டி இடது காது மடல் கிழிந்து, ஒரு வெட்டு மாதிரி தழும்பு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பாம்பனில் இருந்தபோது அவன் கால் வந்தது. அத்தை அடுப்பில் மீன்குழம்பை வைத்துவிட்டு, கரண்டியோடு வந்து செல்லைச் சுவரில் சாய்த்தார்.

"குழம்பு கொதிக்குதுடா. சீக்கிரம் காதைக் காட்டிட்டுப் பேசு."

அவன் பெருமூச்சு விட்டபடி தலையைத் திருப்பி, மடலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் காட்டினான்.